வசைக்குமிழுக்குள் வார்த்தை இல்லை

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில் பேச்சு காமிக்ஸ் பக்கம் திரும்பியது. கோபம் கொண்ட பாத்திரத்தின் தலைக்கு மேலுள்ள குமிழில் சுருள்களும் நட்சத்திரங்களும் மின்னல் கீற்றுகளுமாக வரைவார்களே, அதைப் பற்றி ஒரு நண்பர் மிகுந்த உறுதியுடன் சொன்னார்: “வேறொன்றுமில்லை, நம் பத்திரிகைகள் கதையில் வரும் கெட்ட வார்த்தைக்கு முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைப்பதைப் போலத்தான். நன்னூல் சொல்லும் இடக்கரடக்கல். சொல்லத் துணிவில்லாதவன் செய்கிற வேலை.” சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நான் அன்று மறுத்துச் சொன்னது எடுபடவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடக்கரடக்கல் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். சபையில் சொல்லத் தகாத ஒன்றை வேறு சொல்லால் சொல்வது அது. மலம் கழித்து வந்ததைக் ‘கால் கழுவி வந்தேன்’ என்பது பள்ளியில் எல்லோரும் படித்த உதாரணம். அதன் அடிப்படை நிபந்தனை, கேட்பவனுக்கு மறைக்கப்பட்ட பொருள் இன்னதென்று ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது. முதல் எழுத்தும் புள்ளிகளும் அப்படிப்பட்டவைதாம். வாசகன் மனத்துக்குள் அந்த வார்த்தையை முழுமையாக உச்சரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறான். அச்சில் மட்டும் அது இல்லை. இதில் நண்பருடன் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. அது கோழைத்தனம் என்பதிலும் பெரும்பாலும் இல்லை.

ஆனால் காமிக்ஸ் குமிழில் அடியில் எந்த வார்த்தையும் இல்லை. என் வாதம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்று.

ஆங்கில நாவலில் நண்பர் சொல்வதற்கு இணையான ஒரு பழக்கம் உண்மையிலேயே இருந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் ‘டாம்ன்’ என்ற சபிப்பு வருமிடத்தில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் நிறுத்தி நடுவே ஒரு நீள்கோட்டை இழுத்துவிடுவார்கள். அந்தக் கோட்டை உரக்க வாசிக்கும்போது ‘பிளாங்க்’ என்பார்கள். அதிலிருந்து ‘பிளாங்கெட்டி பிளாங்க்’ என்று ஒரு செல்ல வசையே பிறந்தது. அங்கே வசை என்பது பெரிதும் சமயம் சார்ந்தது. 1606லேயே இங்கிலாந்தில் நாடக மேடையில் கடவுளின் பெயரை வீணாக உச்சரித்தால் பத்து பவுண்ட் அபராதம் என்று சட்டம் வந்துவிட்டது. மேடை அஞ்சியது, பிற்பாடு அச்சகமும் அஞ்சியது. ஈய எழுத்துகளை அடுக்குகிறவனிடம் இருந்தவை கோடும் உடுக்குறியும் மட்டுமே. அவற்றை வைத்து ஒன்றை மூடலாம், அல்லது வெட்டலாம். வேறு எதுவும் செய்ய இயலாது.

இப்போது அமெரிக்க ஞாயிறு இணைப்பிதழ்களுக்கு வாருங்கள். 1890களின் பிற்பகுதியில் நியூயார்க் நாளிதழ்களுக்கிடையே நடந்த விற்பனைப் போட்டியில் வண்ணப் படக்கதைகள் பிறந்தன. 1896இல் அவுட்கால்ட்டின் ‘யெல்லோ கிட்’ பாத்திரத்தோடு பேச்சுக்குமிழ் தன் நவீன வடிவத்தை எட்டத் தொடங்கியது. குமிழுக்குள் இருந்த எழுத்துகள் அச்சுக் கோத்தவை அல்ல. படத்தை வரைந்த அதே பேனா வரைந்தவை. இந்த ஒரு விவரத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எழுத்தும் படமும் ஒரே கையிலிருந்து வரும்போது இரண்டுக்குமிடையே வேலி இல்லை. தலையில் அடிபட்டவனைச் சுற்றி ஓவியன் ஏற்கெனவே நட்சத்திரங்களை வரைந்துகொண்டிருக்கிறான். அந்த நட்சத்திரம் இரண்டு அங்குலம் நகர்ந்து குமிழுக்குள் நுழைவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தேடிப் பார்த்தவர்கள் இதுவரை எட்டிய மிகப் பழைய உதாரணங்கள் சரியாக இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. ஜீன் கார் வரைந்த ‘லேடி பவுன்டிஃபுல்’ 1901இல். ரூடால்ஃப் டர்க்ஸ் வரைந்த ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ 1902இல். டர்க்ஸின் கதை 1897 டிசம்பரில் தொடங்கியது. இரண்டு வால்முளைத்த சிறுவர்கள் பெரியவர்களுக்குக் கண்ணி வைப்பதும், சிக்கியவர்கள் கத்துவதும், கடைசியில் பிள்ளைகளுக்கு அடி விழுவதும்தான் அதன் நிரந்தரக் கதை. அதில் கத்துகிறவர் என்ன சொன்னார் என்பது எந்தச் சிறுவனுக்கும் பொருட்டல்ல. எவ்வளவு கத்தினார் என்பதே நகைச்சுவை. குமிழில் அடர்ந்த கிறுக்கல் அந்த அளவைத்தான் காட்டியது.

பெயர் வந்தது வெகு பின்னால். ‘பீட்டில் பெய்லி’ என்ற ராணுவ முகாம் நகைச்சுவையை 1950 முதல் வரைந்த மார்ட் வாக்கர், 1964இல் சக ஓவியர்களுக்காக ஒரு கேலிக் கட்டுரை எழுதினார். படக்கதை ஓவியர்கள் வழக்கமாகப் போடும் குறிகளுக்கெல்லாம் ஆராய்ச்சியாளர் பாவனையில் அவர் பெயர் சூட்டினார். வசைக்குறிகளை நான்காகப் பிரித்தார். சுருள் வடிவங்கள் ‘ஜார்ன்’. வளையமிட்ட சனிக்கிரகம் போன்றவை ‘குவிம்ப்’. வெடிக்கும் நட்சத்திரங்கள் ‘நிட்டில்’. அடித்துத் திருத்தியது போன்ற கிறுக்கல் ‘கிராலிக்ஸ்’. 1980இல் ‘காமிக்கானா சொற்களஞ்சியம்’ என்று அதை நூலாகவும் விரித்தார். நான்கு பெயர்களில் கடைசிப் பெயரே நின்று, இன்று முழுத் தொகுதியையும் குறிக்கிறது. ஒரு நையாண்டி கலைச்சொல்லாகிவிட்ட வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். சுருள், கிரகம், நட்சத்திரம், கிறுக்கல். இவற்றில் ஒன்றாவது ஏதாவது ஓர் எழுத்துக்கு மாற்றாக நிற்கிறதா? தலைசுற்றல், கண்ணில் பூச்சி பறத்தல், வெடிப்பு, கை நடுக்கம். இவை கோபத்தின் உடற்குறிகள். மொழியாக உருப்பெறுவதற்கு முந்தைய நிலையில் சினம் எப்படி இருக்குமோ அதன் படம்.

தணிக்கைக்குப் பயந்துதான் இந்தக் குறிகள் என்பவர்களுக்கு அதே வாக்கர் சொன்ன இன்னொரு நிகழ்ச்சி. அவர் வரைந்த பாத்திரங்களின் தொப்புளை விநியோக நிறுவனத்தின் பதிப்பாசிரியர்கள் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுவார்களாம். எரிச்சலில் அவர் ஒருமுறை ‘நேவல்’ ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டி பெட்டியாக வரைந்து, ஒவ்வொன்றிலும் தொப்புள் வைத்தார். (ஆங்கிலத்தில் அந்தப் பழத்தின் பெயரே தொப்புள்தான்.) இவ்வளவு கறாரான கண்கள், சார்ஜென்ட் ஸ்னோர்கல் கத்தும் குமிழ்களைத் தொடர்ந்து அனுமதித்து நூற்றுக்கணக்கான குடும்பப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைத்தன. அந்தக் குமிழ்களில் குறிப்பிட்ட ஓர் ஆபாச வார்த்தை ஒளிந்திருந்தால், தொப்புளைக் கண்டுபிடித்தவர்களின் கண்ணுக்கு அது தப்பியிருக்குமா?

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நானே எடுத்து வைத்துவிடுகிறேன். 1954இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒழுக்க விதிகளில், வசைச் சொற்களோடு சேர்த்து, விரும்பத்தகாத பொருளைப் பெற்றுவிட்ட சொற்களுக்கும் குறியீடுகளுக்கும் தடை என்று தெளிவாகவே இருந்தது. குறியீடு என்றே சொல்லியிருக்கிறார்களே, இதற்கு என்ன பதில் என்று கேட்கலாம். ‘பொருளைப் பெற்றுவிட்ட’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள் என்பதே என் பதில். இது என் வாசிப்பு, மறுக்க இடமுண்டு. ஆயினும் விதியை எழுதியவர்கள் அஞ்சியது நிலைபெற்ற பொருளை என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஒரு சுருளுக்கு அப்படியான பொருள் கிடையாது. அடுத்த வாரம் அதே ஓவியன் அதே கோபத்துக்கு வேறு சுருளை வரைவான்.

குமிழில் இருப்பது மூடிய வார்த்தையா, வெறும் சினமா என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குறிகளின் வரிசையை மனத்தில் மாற்றிப் பாருங்கள். நட்சத்திரத்தை முன்னுக்கும் சுருளைப் பின்னுக்கும் கொண்டுபோங்கள். ஒன்றைக் கூட்டுங்கள், ஒன்றைக் குறையுங்கள். சினம் கூடும் அல்லது குறையும், பொருள் மாறாது. நீள்கோடு போட்ட வார்த்தையிலோ புள்ளி வைத்த வார்த்தையிலோ இதைச் செய்தால் எல்லாம் குலைந்துவிடும்.

சோதனையில் தோற்கும் உதாரணத்தையும் பாருங்கள். 2009இல் ஓர் அமெரிக்க இளைஞர் தன் தந்தையின் கடுஞ்சொற்களை ட்விட்டரில் பதியத் தொடங்கினார். கணக்கின் பெயரிலேயே மலத்தைக் குறிக்கும் நான்கெழுத்து ஆங்கில வசை இருந்தது. 2010இல் அது தொலைக்காட்சித் தொடரானபோது அந்த வார்த்தையின் இடத்தில் $#*! என்று போட்டார்கள். எண்ணிப் பாருங்கள், நான்கு எழுத்துக்கு நான்கு குறி. முதல் குறி ‘எஸ்’ போலவும் இரண்டாவது ‘எச்’ போலவும் தோற்றமளிக்கிறது. வரிசையை மாற்றினால் வேறொன்றாகிவிடும். இது நண்பர் சொல்லும் அதே புள்ளிதான், கொஞ்சம் அலங்காரத்தோடு. நன்னூலார் இதை இடக்கரடக்கல் என்பதைவிடக் குழூஉக்குறியில் சேர்த்திருக்கக்கூடும்.

இந்தச் சரிவுக்குப் பொறுப்பு பெருமளவு விசைப்பலகையுடையது. தட்டச்சில் சுருள் கிடையாது, சனிக்கிரகம் கிடையாது. எண்களுக்கு மேலே ஷிஃப்ட் விசையோடு கிடைப்பவை @ # $ % & முதலானவை மட்டுமே. 1990களில் காமிக்ஸ் எழுத்துவேலை கணினி எழுத்துருக்களுக்கு மாறியபோது, கை வரைந்த குமிழ்கள் பல இந்த வரிசைக்கு ஒடுங்கின. விலைச்சீட்டிலும் மின்னஞ்சல் முகவரியிலும் காணும் அதே குறிகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன். பேனா நடுங்கியது தெரியாது. கோபம் வளர வளரக் குறி பெரிதாகித் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுந்தும் அந்த வசதி போய்விட்டது. மூடுவதற்கு மட்டுமே பயன்பட்ட பழைய ஈய எழுத்துகளின் ஏழ்மைக்கே ஓவியன் திரும்பிவந்துவிட்டான்.

கோழைத்தனம் என்ற சொல்லை நண்பர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் கேப்டன் ஹாடக்கையும் இங்கே அழைக்க வேண்டியிருக்கிறது. டின்டின் கதைகளில் ஹாடக் முதலில் தோன்றியது 1940–41இல் வெளிவந்த ‘பொன் கொடுக்கு நண்டு’ கதையில். குடிகார மாலுமி; வாயைத் திறந்தால் வசை வர வேண்டும்; ஆனால் வாசகர்கள் குழந்தைகள். ஹெர்ஜே கண்ட வழி, ஒலியில் வசையாகவும் பொருளில் வெறும் அகராதிச் சொல்லாகவும் இருப்பவற்றை அவர் வாயில் போடுவது. ‘பாஷிபசூக்’ என்பது ஓட்டோமான் படையின் ஒருவகை வீரன். 1933இல் நான்கு வல்லரசுகள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்த சமயம், சந்தையில் ஒரு வியாபாரி அந்த ஒப்பந்தத்தின் பெயரையே வசையாக எறிந்ததைக் கேட்டதாக ஹெர்ஜே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வியாபாரி எதை மறைத்தார்? அவருக்கு வேண்டியிருந்தது எறிவதற்கு ஒரு பொருள். கைக்கு அகப்பட்டது அன்றைய செய்தித்தாள். டர்க்ஸின் பேனாவுக்கு அகப்பட்டது நட்சத்திரம். என்ன, ஹாடக்கின் வசைகளை மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு மொழியிலும் புதிதாகப் படைக்க வேண்டியிருந்தது. சுருளை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

2017இல் யூனிகோட் பட்டியலில் கோபமுகம் ஒன்று சேர்ந்தது. இன்று எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. சிவந்த முகம், வாய் இருக்குமிடத்தில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் தட்டச்சுக் குறிகள். அதன் அதிகாரபூர்வப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘குறியீடுகள் வாயை மூடியிருக்கும் தீவிர முகம்’ என்று வரும். மூடியிருக்கும் என்றே எழுதிவைத்துவிட்டார்கள். நண்பரிடம் இதை நான் அன்று காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் தன் கட்சிக்கே சான்று என்று எடுத்துக்கொண்டிருப்பார், அந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருந்திருக்கும்.