மின்தடை போட்டால் மேட்சிங் ஆகிவிடாது

ஓசூர் சிப்காட்டில் சர்வீஸ் பார்க்கும் நண்பர் சொல்கிறார்: “13.56 மெகாஹெர்ட்ஸில் 50 ஓம் ஜெனரேட்டர், 5 ஓம் லோடு. தொடரில் 45 ஓம் மின்தடை போடு, மேட்சிங் முடிந்தது. எல் நெட்வொர்க் வீண் செலவு.”

மீட்டர் அவர் பக்கம்தான் பேசும்; எதிரொலிப்பு பூஜ்யம் என்று காட்டும். ஆனால் 100 வாட்டில் 90 வாட் அந்த மின்தடையைச் சுட வைக்கும், லோடுக்குப் போவது 10 தான். எதுவுமே போடாமல் நேராக இணைத்திருந்தால்கூட 33 வாட் போயிருக்கும்!

எல் நெட்வொர்க் கணக்கு கடினமே இல்லை. 50-ஐ 5-ஆல் வகுத்து, 1 கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 3. இதுதான் க்யூ. காயிலின் மறுப்பு 5 × 3 = 15 ஓம்; கெப்பாசிட்டருடையது 50 ÷ 3 = 16.7 ஓம். இந்த அதிர்வெண்ணில் அவை சுமார் 0.18 மைக்ரோஹென்றி, 700 பிகோஃபாரட். காயில் லோடுடன் தொடரில், கெப்பாசிட்டர் 50 ஓம் பக்கம் குறுக்கே. இடம் மாற்றி, கெப்பாசிட்டரை 5 ஓம் பக்கம் வைத்தால் மேட்ச் ஆகாது.

இழப்பு காயிலில்தான். அதன் க்யூ 100 என்றால் 0.15 ஓம், 5 ஓமுக்கு எதிரே சுமார் 3 சதவீதம். அதிர்வெண் நகர்ந்தால் பொருத்தம் கெடும் என்பது உண்மையான வரம்பு. ஒரே அதிர்வெண்ணில் ஓடும் இயந்திரத்துக்கு அது தடையல்ல.

எதிரொலிப்பை மட்டும் பார்க்காதீர்கள். லோடில் சேரும் வாட்டை அளந்து பாருங்கள்.