நிறைந்தது தொட்டியா, உறிஞ்சுகுழியா?

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயுவால் மூன்று பெண்கள் இறந்தார்கள். ஒருவர் 15 வயதுச் சிறுமி. குழிக்குள் இறங்காதவர்களையும் கழிவுநீர் வாயு கொல்லும் என்பதை நம் பகுதி அன்று கண்டது. அங்கே இருந்தது பாதாளச் சாக்கடை. பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணம் வரை உள்ள கடற்கரை ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குச் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்தான். தொட்டி வேறு, வாயு அதேதான்.

நம் ஊர்களில் இந்தக் கதை எப்படித் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொல்லையில் நாற்றம் வரும். கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் சட்டென்று இறங்காமல் தேங்கி நின்று மெதுவாகப் போகும். "டேங்க் நிறைஞ்சிடுச்சு" என்பார் வீட்டுக்காரர். லாரி வரும், உறிஞ்சும், போகும். பத்தே நாளில் மறுபடியும் அதே நாற்றம், அதே தேக்கம். லாரிக்காரர் சரியாக உறிஞ்சவில்லை என்று திட்டிவிட்டு, அடுத்ததாக ஆளைத் தேடுவார்கள். தேடி வருகிற இடம் நம் தெரு. "கக்கூஸ் வேலை இல்லப்பா, சும்மா குழிய வெட்டி மண்ண எடுக்கணும், அவ்வளவுதான்" என்பார்கள். கூலியும் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். மலம் அள்ளும் தொழிலையே செய்யாத நம் இளைஞர்களும் கூலி வேலை என்று நினைத்துக் குழிக்குள் கால் வைப்பது இப்படித்தான்.

அந்தப் பத்து நாள் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், ஆளைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை என்பது புரிந்துவிடும்.

செப்டிக் டேங்க் என்பது எப்போதும் நிறைந்தே இருக்கும் தொட்டி. கட்டிய சில நாட்களிலேயே வெளியேறும் குழாயின் மட்டம் வரை தண்ணீர் ஏறிவிடும். அதன்பின் ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே உறிஞ்சுகுழிக்குப் போகும். கனமான கழிவு அடியில் சேறாகத் தங்கும். எண்ணெய்ப் பசையும் லேசான கழிவும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் மட்டும்தான் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் வெளிக்குழாயின் வாயில் கீழ்நோக்கி ஒரு 'டீ' பைப் வைக்கிறார்கள். ஆகவே மூடியைத் திறந்து பார்த்துத் தண்ணீர் நிற்கிறது என்றால் தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள் அல்ல. அடிச்சேறும் மேலேடும் சேர்ந்து தண்ணீர் இருக்கும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் லாரிக்கு நேரம் வந்துவிட்டது.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். மாணவர்கள் நோட்டில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள வீடு. தொட்டியின் உள்ளளவு 5 அடி நீளம், 2.5 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 3.5 அடி. பெருக்கினால் ஏறக்குறைய 44 கன அடி, அதாவது 1,240 லிட்டர். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் போகிறது, ஆளுக்கு நாளைக்கு 30 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு 150 லிட்டர். லாரி முழுவதும் உறிஞ்சிய தொட்டி மறுபடியும் குழாய் மட்டத்துக்கு ஏற எட்டு நாள் பிடிக்கும். அதுவரை உறிஞ்சுகுழிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாது. அது அடைத்திருந்தாலும் தெரியாது. ஒன்பதாம் நாள் தண்ணீர் வெளியே போகப் பார்க்கும், போக இடமிருக்காது, திரும்பக் கோப்பை வரை தேங்கும். குளியல் தண்ணீரும் அதே தொட்டிக்குப் போகிற வீடு என்றால் மூன்று நான்கு நாளிலேயே தேங்கிவிடும்.

லாரி வந்துபோன பிறகு தேக்கம் எப்போது திரும்புகிறது என்பதுதான் முதல் அடையாளம். அன்றைக்கே திரும்பினால் அடைப்பு கோப்பைக்கும் தொட்டிக்கும் இடையிலான குழாயில் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் திரும்பினால் குற்றவாளி உறிஞ்சுகுழி. இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பினால்தான் தொட்டி உண்மையிலேயே சேற்றால் நிறைந்திருக்கிறது. இதில் லாரிக்காரர் மீது தவறு எதுவும் இல்லை.

லாரியைக் கூப்பிடுவதற்கு முன்பே பார்க்கக்கூடியவையும் உண்டு. இரண்டு கழிப்பறை உள்ள வீட்டில் ஒன்று மட்டும் மெதுவாகப் போனால் அது அந்தக் கோப்பையின் அடைப்பு. எல்லாமே மெதுவாகப் போய், கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைச் சல்லடையில் குபுகுபுவென்று குமிழி வந்தால், அது தொட்டி அல்லது உறிஞ்சுகுழி. நாற்றம் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். வீட்டுக்குள் மட்டும் என்றால் கோப்பைக்கு அடியில் தண்ணீர் தேங்கி வாயுவைத் தடுக்கும் வளைவு இல்லாமலோ, பல நாள் புழங்காமல் காய்ந்துபோயோ இருக்கும். தொட்டியைச் சுற்றி என்றால் சிலாப்பில் விரிசலோ, உடைந்த காற்றுக்குழாயோ இருக்கலாம். உறிஞ்சுகுழியைச் சுற்றித் தரை வெயிலிலும் ஈரமாக இருந்து, அங்கே மட்டும் புல் பச்சென்று வளர்ந்து, கறுப்புத் தண்ணீர் கசிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

உறிஞ்சுகுழி ஏன் அடைக்கிறது? பெரும்பாலும் தொட்டியைப் பல வருடம் உறிஞ்சாமல் விட்டதால்தான். சேறு உயர்ந்து உயர்ந்து வெளிக்குழாய் வழியாகக் குழிக்குப் போய்விடுகிறது. 'டீ' பைப் உடைந்தாலும் இதுதான் நடக்கும். கடற்கரை மணல் நன்றாக உறிஞ்சும் மண்தான். ஆனாலும் அந்தச் சேறும் சோப்புப் பசையும் மணல்மேல் கறுப்பாக, வழவழவென்று ஒரு தோல் போல் படிந்துவிட்டால் தண்ணீர் இறங்காது. அடியில் தளமே இல்லாமல் வெறும் உறைகளை இறக்கி, அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். அங்கே தொட்டியும் அதுதான், உறிஞ்சுகுழியும் அதுதான். அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். பக்கத்தில் கைப்பம்பு இருந்தால் அந்தத் தண்ணீரும் கெடும்.

மழைக்காலத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்தது போன்ற மழையில் நிலத்தடி நீர் குழி மட்டத்துக்கே வந்துவிடும். அப்போது உறிஞ்சுகுழி வாங்காமல் நிற்பது அடைப்பு அல்ல, தண்ணீர் இறங்க இடமில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் லாரி வைத்து உறிஞ்சினால் பணம் வீண். லேசான பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் காலியானதும் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடவும் கூடும். தண்ணீர் வடியும்வரை புழக்கத்தைக் குறைத்துக் காத்திருப்பதே வழி.

சேற்றை அளக்க ஆள் இறங்க வேண்டாம். நீளமான மூங்கில் கழியின் கீழ்ப்பகுதியில் பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றிக் கட்டி, நின்றபடியே மூடி வாயில் வழியாக அடி வரை இறக்கி, சில நிமிடம் விட்டு மெல்ல எடுத்தால் சேறு எந்த உயரம் வரை என்று கறுப்பாகத் தெரியும். மேலே சொன்ன தொட்டியில் அது 14 அங்குலத்தைத் தாண்டினால் லாரியைக் கூப்பிடலாம். தண்ணீர் வெளிக்குழாய்க்கு மேலே ஏறி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். தலையை உள்ளே நீட்டாதீர்கள். பீடியோ தீப்பெட்டியோ கூடாது. குழந்தைகளை அண்ட விடாமல், முடிந்ததும் உடனே மூடிவிடுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "மூடியத் தொறந்து போட்டோம், நாத்தம் போயிடுச்சு, இனி எறங்கலாம்" என்கிறார்கள். குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றது வாயு போனதாலா, மூக்கு செத்ததாலா என்று இறங்குகிறவருக்குத் தெரியாது. சேற்றைக் கிளறும்போது அடியில் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாக மேலே வரும். மெழுகுவத்தி கொளுத்திப் பார்ப்பது அதைவிட மோசம். அது இந்த வாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் அவர்களில் அடக்கம். 2022 அக்டோபரில் அதே பகுதியில் கட்ராம்பாக்கத்தில், தனியார் விடுதித் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் வரிசையாக விடுதிகள் இருப்பதால்தான் இதை நினைவுபடுத்துகிறோம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால், முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தலித் ஒருவரை மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவது, 2016 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் "மண்ணத்தான எடுக்கச் சொன்னேன்" என்ற ஒரு வார்த்தையில் இவை எல்லாவற்றையும் மழுப்பப் பார்ப்பார்கள். உறிஞ்சுகுழியில் இருப்பது மண் அல்ல, மலச்சேறு. நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, அடைத்த குழியை என்ன செய்வது? முதலில் லாரியிலேயே தொட்டியையும் குழியையும் சேர்த்து உறிஞ்சச் சொல்லுங்கள். உடைந்த 'டீ' பைப்பை மாற்றுங்கள். அப்போதும் வாங்கவில்லை என்றால் பழைய குழியை அப்படியே மூடி ஓய்வு கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிய இடத்தில் உறிஞ்சும் அமைப்பை ஏற்படுத்த வேண்டும். நம் மணலில் ஆழமாக வெட்டினால் பக்கம் சரிந்து ஆளை மூடும், நிலத்தடி நீரும் சீக்கிரம் வரும். ஆகவே ஆழக் குழியைவிட மூன்றடி ஆழத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, ஓட்டை போட்ட குழாயைப் பதித்து மூடுவது மேல். கிணறோ கைப்பம்போ இருக்கும் பக்கம் இருந்து குறைந்தது 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமான காலனி மனைகளில் அந்த இடம் கிடைக்காது. அங்கே நான்கைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒன்று அமைக்கத் தெருப் புறம்போக்கைக் கேட்டுக் கிராம சபையில் மனு எழுதுவதுதான் வழி. லாரி உறிஞ்சிய கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்ற கேள்வியையும் அதே மனுவில் சேர்த்துவிடலாம். பதில் வராமலே இருக்கும் கேள்வி அது.

புது வாய்க்கால் வெட்டுவது காய்ந்த மண்ணில் செய்யும் வேலை. அந்தக் கூலிக்கு நம் ஆட்கள் போகலாம். மூடியிருக்கிற குழியைக் காட்டி இறங்கச் சொன்னால், "லாரி வந்து எத்தன நாளாச்சு, எப்ப திரும்பத் தேங்குச்சு?" என்று கேட்டுவிட்டு மேலேயே நில்லுங்கள்.