யார் பெயருக்குப் பணம் போகிறது?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கும் சிறு வியாபாரிகளைக் காணாத அங்கத்தினர் நம்மில் அநேகமாக இருக்கமாட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மடியில் சுருக்குப்பை இருந்தது. அது இன்றும் இருக்கிறது; அதனுடன் தராசுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த கியூ.ஆர். கோடு அட்டை ஒன்றும் தொங்குகிறது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் துணிக்கடைக் கல்லாவிலும், அடையாற்றின் இளநீர் வண்டியிலும் அதே அட்டைதான். 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்ததிலிருந்து சேலைக்கும் வெண்டைக்காய்க்கும் இவ்வழியாகவே பெரும்பகுதிப் பணம் வரலாயிற்று. ஆகவே அந்த அட்டையின் மேல் ஒருவன் தன் அட்டையை ஒட்டிவிட்டால் என்ன நேரும் என்பது, நெய்து விற்பவர்க்கும் விளைத்து விற்பவர்க்கும் அந்நிய விஷயமன்று.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இது நேர்ந்தது. மயிலையைப் போலவே அதுவும் கோயிலை நம்பிக் கடைகள் பிழைக்கும் ஊர். ஓர் இரவில் சிலர் வந்து, ஏறத்தாழ ஆறு இடங்களில் வெளியே இருந்த அட்டைகளைத் தங்களுடையதாக மாற்றிச் சென்றனர். பெட்ரோல் பங்கு ஒன்றும் அதில் அடக்கம். பூட்டை உடைக்கவில்லை, கல்லாவைத் தொடவில்லை. மறுநாள் வியாபாரம் வழக்கம்போல் நடந்தது. வாடிக்கையாளர் செலுத்திய பணம் மட்டும் வேறொருவன் கணக்குக்குப் போயிற்று. மருந்துக் கடை ஒன்றில் பணம் செலுத்தியவர், திரையில் வரும் பெயர் மாறியிருக்கிறதே என்று கடைக்கார அம்மையாரிடம் சொன்ன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இரவில் நடந்த வேலை கண்காணிப்புக் கேமராவில் பதிந்திருந்தது பிற்பாடு தெரிந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதியன்று. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், வாகனம் நிறுத்துவதற்குக் கட்டணம் பெறும் இயந்திரங்கள் 29-இல் போலி ஸ்டிக்கர்களைப் போலீசார் கண்டெடுத்தனர். அந்நகர நிர்வாகம் அவ்வியந்திரங்களில் கியூ.ஆர். கோடே வைப்பதில்லை, ஆகையால் ஸ்டிக்கர் இருந்தாலே அது போலி என்று மக்களுக்குச் சொல்லிவிட முடிந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது. இங்கே உண்மையான அட்டையும் ஸ்டிக்கர்தான், போலியும் ஸ்டிக்கர்தான்.

கஜுராஹோவில் கள்வரைக் காட்டிக்கொடுத்தது கேமரா அன்று, பெயர் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். அதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன்.

அட்டையிலுள்ள கட்டங்கள் முத்திரையும் அல்ல, கையொப்பமும் அல்ல. பணம் பெறுவோரின் யு.பி.ஐ. முகவரியைக் கைப்பேசி படிக்கும்படி எழுதிவைத்த எழுத்து, அவ்வளவே. தபால் உறையின் மேல் விலாசம் எழுதுவது போல் யாரும் அதை அச்சிடலாம். கண்ணால் பார்த்து ஒரு கோட்டுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை காண ஒருவராலும் இயலாது. ஆனால் கைப்பேசி அம்முகவரியைப் படித்தவுடன், அது எவருடைய கணக்கு என்பதை வங்கியிடம் கேட்டு அறிந்து, பணம் அனுப்புமுன் திரையில் பெயரைக் காட்டுகிறது. முன்னெல்லாம் இந்தப் பெயரையும் முழுதாக நம்புவதற்கில்லை. கோட்டுக்குள் எழுதிய பெயரையோ, கணக்குக்காரர் தாமே சூட்டிக்கொண்ட பெயரையோ சில செயலிகள் காட்டிவந்தன. 2025 ஏப்ரலில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதைத் திருத்தியது. அவ்வாண்டு ஜூன் 30-ஆம் தேதிக்குள் எல்லாச் செயலிகளும், வங்கிப் பதிவிலுள்ள பெயரையே, பணம் செலுத்துமுன்னும் செலுத்திய பின்னும் காட்ட வேண்டுமென்று உத்தரவிட்டது. ஆகவே இப்பொழுது திரையில் வருவது ஒட்டியவன் எழுதிய பெயரன்று. வங்கி அறிந்த பெயர்.

அப்படியானால் பார்த்துவிட்டுச் செலுத்தினால் தீர்ந்ததே என்று தோன்றலாம். காரியம் அவ்வளவு எளிதன்று. தொல்லை நம் கடைகளிலேயே இருக்கிறது. தியாகராய நகரில் ஒரு சிறிய கைத்தறிக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாயிற்பலகையில் ஏதோ ஒரு தெய்வத்தின் பெயரோடு "சில்க்ஸ்" என்றிருக்கிறது. வங்கிக் கணக்கோ உரிமையாளரின் மனைவி பெயரில். 4,800 ரூபாய்ச் சேலை வாங்கிய அம்மாள் ஸ்கேன் செய்கிறார். திரையில் யாரோ ஒரு பெண்மணியின் பெயர் வருகிறது. "இது யார்?" என்று கேட்டால், "நம்ம அக்கவுண்டுதான், போடுங்க அம்மா" என்று பதில். இப்படிப் பத்துக் கடைகளில் பத்துவிதமான அந்நியப் பெயர்களைக் கண்டு பழகியவர், பதினோராவது கடையில் உண்மையிலேயே ஓர் அந்நியன் பெயர் வரும்போது ஏன் சந்தேகிக்கப் போகிறார்? வாடிக்கையாளர் பெயரைப் பார்ப்பதில்லை என்று கடைக்காரர் குறைப்படுவது நியாயமன்று. பார்த்துப் பயனில்லை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கடைக்காரர்களே.

எனவே என் யோசனை ஒன்றுதான். வங்கியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை, கோடு உள்ள அட்டையில் அல்லாமல், கல்லாவுக்கு மேலே எட்டாத உயரத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்: "திரையில் இந்தப் பெயர் வந்தால் மட்டும் பணம் செலுத்துக." தமிழிலும், திரையில் வருகிறபடி ஆங்கில எழுத்திலும் இருப்பது நலம். ஸ்டிக்கர் ஒட்டுபவன் நொடியில் ஓர் அட்டையை மறைத்துவிடுவான். சுவரில் பெயின்டால் எழுதியதை அழிக்க அவனுக்கு அவகாசம் இராது. கூடை வைத்து விற்பவர்க்குச் சுவர் ஏது என்று கேட்கலாம். அவர் வாயாலேயே சொல்லட்டும். வாங்குபவரும் திரையில் வந்த பெயரை உரக்கப் படித்துக் காட்டட்டும். தெற்கு மாட வீதியில் பேரம் பேசும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

வாங்குவோர் செய்யத்தக்க வேறு சிலவும் உண்டு. அட்டையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால், கட்டங்களைச் சுற்றி ஓரம் தட்டுப்படுவதும், கண்ணாடித்தாளுக்கு மேலே காகிதம் இருப்பதும் தெரியும். பல அட்டைகளில் கோட்டின் கீழே கடைப் பெயரும் யு.பி.ஐ. முகவரியும் அச்சாகியிருக்கும், ஒட்டியவன் சதுரத்தை மட்டும் மறைத்திருந்தால், கீழேயுள்ள முகவரியும் திரையில் வருவதும் ஒவ்வா. ஸ்கேன் செய்ததும் பணம் செலுத்தும் திரை வராமல் ஏதேனும் இணையப் பக்கம் திறந்தால் உடனே மூடிவிட வேண்டும். சிறு தொகைகளில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. யு.பி.ஐ. லைட் வழியே 1,000 ரூபாய் வரை இரகசிய எண் கேட்காமலே பணம் போய்விடுகிறது. எண்ணை அழுத்தக் கை தயங்கும் அந்தக் கணமும் அங்கே இல்லை.

பெயர் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கடைப் பெயரை ஒத்த பெயரில் ஒருவன் கணக்கு வைத்திருந்தால் பெயர் ஏமாற்றிவிடும். பெருந்தொகை என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, கடைக்காரர் தம் கைப்பேசியிலோ குரல் பெட்டியிலோ அது வந்ததை அறிந்து சொன்னபின் மீதியை அனுப்புவது உத்தமம். பணம் வந்ததும் அறிவிக்கும் அந்தப் பெட்டி மௌனமாக இருந்தால், "நெட்வொர்க் இல்லை" என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சில வேளை அது உண்மையே. இரண்டு மூன்று பேர் பணம் செலுத்தியும் பெட்டி பேசவில்லையென்றால், சிக்னலைக் குறை கூறுமுன் அட்டையைப் பார்ப்பது நல்லது. கடை திறந்தவுடன் கடைக்காரர் தம் வீட்டார் கைப்பேசியால் சொந்த அட்டையையே ஒரு முறை ஸ்கேன் செய்து, பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம். காலணாச் செலவில்லை. இரவில் அட்டையை உள்ளே எடுத்து வைப்பதற்கும் செலவில்லை.

இனி, பணம் போய்விட்டால் நஷ்டம் யாருடையது? இதில் தகராறு அதிகம். வாங்கியவர், "உங்கள் அட்டைக்குத்தானே செலுத்தினேன்" என்பார். விற்றவர், "என் கணக்குக்கு வரவில்லையே" என்பார். என் அபிப்பிராயத்தில் அட்டை கடைக்காரர் காவலில் உள்ள பொருள். தம் கடையில் தொங்கும் குறிக்குச் செலுத்தியவரிடம் மறுபடி பணம் கேட்பது முறையன்று. வேறு பெயர் வந்ததைக் கண்டும் வாய்திறவாமல் செலுத்தியிருந்தால் மட்டும் வாங்கியவருக்கும் அதில் பங்குண்டு. சங்க விற்பனை நிலையமானால் நஷ்டத்தைச் சங்கம் ஏற்க வேண்டுமே தவிர, கல்லாவில் நின்ற சிப்பந்தியின் சம்பளத்தில் பிடித்தல் அநியாயம். அட்டையைச் சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்யாதது நிர்வாகத்தின் குற்றம்.

போலி அட்டை அகப்பட்டால் கோபத்தில் உடனே கிழித்தெறிய வேண்டாம். முதலில் படம் எடுத்துக்கொள்க. எந்தக் கணக்குக்குப் பணம் போயிற்று என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. பிறகு வேறெவரும் செலுத்தாதபடி அதை மறைத்துவிட்டு, பணம் செலுத்தியவர் தம் கைப்பேசியிலுள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், cybercrime.gov.in என்ற தளத்திலும் புகார் பதியலாம். தம் வங்கிக்கும் சொல்ல வேண்டும். தாமே இரகசிய எண் இட்டு அனுப்பிய பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தராது. புகார் பதிந்தால்தான் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செய்தி எட்டி, அக்கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்க முடியும். ஏமாற்றுவோர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு விரைவாக மாற்றிவிடுவதால், காலையில் கண்டதை மாலையில் சொன்னால் அநேகமாக மிச்சம் இராது. போலிக் கோடு ஒட்டப்பட்ட நாளில் எத்தனை பேர் செலுத்தினார்கள் என்பதைக் கடைக்காரர் பில் புத்தகத்தோடு தம் வங்கி வரவை ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, தெரிந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சொல்லியனுப்ப வேண்டும். புகார் எழுத வேண்டியவர்களில் பலருக்குத் தாங்கள் ஏமாந்ததே தெரிந்திராது.

சங்கத்தின் விற்பனை நிலையங்களில் வங்கிப் பெயரைச் சுவரில் எழுதவும், தினமும் காலையில் அட்டையைச் சோதித்து வருகைப் பதிவேட்டிலேயே ஒரு கையெழுத்திடவும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். மாற்றுக் கருத்துடைய அங்கத்தினர்கள் கூட்டத்துக்கு முன்பே காரியதரிசிக்கு எழுதலாம்.