மணிக்கு 37 ரூபாய்: யார் கணக்குப் பார்ப்பது?

2018இல் தமிழ்நாடு அரசு, வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. பயிற்சி தேவைப்படாத வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். போளூரிலிருந்து கொடைக்கானலுக்குப் பிழைக்க வந்த ஓர் அக்கா, ஒரு வீட்டில் தினம் 3 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 111 ரூபாய். வேலை செய்த 26 நாட்களுக்கு 2,886. கையில் 1,500 கொடுத்து, பழைய சேலையும் மிச்சச் சோறும் சேர்த்துக் கணக்கு முடித்தால், அது சட்டப்படி கூலி பாக்கி; தர்மம் அல்ல.

கடை ஊழியருக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் 10, 54ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் மணிக்கு இரட்டைக் கூலி: மணிக்கு 50 வாங்குபவர் 2 மணி நேரம் கூடுதலாக நின்றால் 200. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

கடையில் வருகைப் பதிவேடு உண்டு, ஆய்வாளர் உள்ளே வரலாம். வீட்டில் இரண்டும் இல்லை. தனி டம்ளர் வைக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னால் மறுத்துப் பேசவும் முடியாது. "இவள் வந்ததே ஒரு மணி நேரம்தான்" என்று முதலாளி சொன்னால், மறுக்கக் கையில் எதுவும் இருப்பதில்லை.

தோழர்களே, முதல் வேலை ஒரு நோட்டுப்புத்தகம். வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகை, இல்லாமல் போன விடுப்பு. எழுதத் தெரியாத அக்காக்களுக்கு நாம் எழுதுவோம். தொழிலாளர் அலுவலகத்தில் பேசப்போவது அந்தப் பக்கங்கள்தான்.