எல்லாமே அவசரம் என்றால் எதுதான் அவசரம்?

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தை ஒட்டியிருந்த டெக்சகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைக் காலையில் இடி மின்னலுடன் கூடிய புயல் தாக்கியது. ஆலையின் இயக்கம் தடுமாறியது. ஒரு பிரிவைத் தவிர மற்றவை நிறுத்தப்பட்டன. தொடர்ந்து இயங்கிய பிரிவில் ஒரு கலனிலிருந்து திரவம் வெளியேற வேண்டிய வால்வு மூடிக்கிடந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையோ அது திறந்திருப்பதாகவே காட்டியது. உள்ளே சென்ற திரவம் வெளியேற வழியின்றித் தேங்கி, கடைசியில் எரிவாயு மட்டுமே செல்ல வேண்டிய குழாய்க்குள் புகுந்தது. அரித்துப்போயிருந்த அக்குழாய் உடைந்து, ஏறத்தாழ 20 டன் எரிபொருள் வெளியேறித் தீப்பற்றியது. வெடிப்பு நிகழ்ந்தபோது பிற்பகல் 1.23 மணி. 26 பேர் காயமடைந்தனர். விடுமுறை நாள் என்பதால் ஆலைக்குள் ஆட்கள் குறைவு, உயிரிழப்பு இல்லை.

காலைப் புயலுக்கும் பிற்பகல் வெடிப்புக்கும் இடையே சுமார் ஐந்து மணி நேரம் இருந்தது. திரவம் எங்கோ தேங்குகிறது என்பதைக் கண்டறிய அது போதுமான அவகாசம். ஏன் கண்டறியவில்லை? பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய விசாரணை பல காரணங்களைச் சொன்னது. அவற்றுள் ஒன்று, எச்சரிக்கைகள் மிக அதிகமாக ஒலித்தன என்பது. வெடிப்புக்கு முந்தைய ஏறத்தாழ 11 நிமிடங்களில், அறையிலிருந்த இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 எச்சரிக்கைகள் வந்தன. அதாவது இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்று. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது. ஆலைக்கு வரையறுக்கப்பட்டிருந்த 2,040 எச்சரிக்கைகளில் 87 சதவீதம் 'உயர் முன்னுரிமை' என்று குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பல, வெறும் தகவல் சொல்பவை.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இந்த 87 சதவீதம் பழகிய ஒரு நோயை நினைவூட்டுகிறது. அளவின்றி அச்சிட்ட பணத்தின் மதிப்பு சரிவதைப்போல, அளவின்றி வழங்கிய 'உயர் முன்னுரிமை'யும் மதிப்பிழக்கிறது. கவனம் என்பது பற்றாக்குறையான வளம். தகவல் பெருகப் பெருகக் குறைவது கவனமே என்பதை, 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் கணினிகள் பரவலாகும் முன்பே, 1971-இல் சுட்டிக்காட்டிவிட்டார்.

இந்த நோய் வந்த வழியும் பொருளாதாரம் சார்ந்ததே. பழைய கட்டுப்பாட்டு அறைகளில் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் தனி விளக்கு, தனிக் கம்பி, சுவர்ப் பலகையில் தனி இடம் தேவைப்பட்டன. ஒன்றைச் சேர்க்கப் பணம் செலவாகும். எனவே சேர்க்கும் முன் யோசித்தார்கள். கணினி வந்த பின், ஓர் எச்சரிக்கையைச் சேர்ப்பது திரையில் ஓர் எண்ணைத் தட்டச்சு செய்வதுதான். செலவு பூஜ்யம். இயந்திரம் விற்றவர் தம் பாதுகாப்புக்காக நான்கைச் சேர்ப்பார். வடிவமைத்த பொறியாளர் நான்கைச் சேர்ப்பார். ஒரு விபத்துக்குப் பின் மேலாளர் இன்னும் இரண்டைக் கேட்பார். சேர்ப்பவர் எவரும் அதன் விலையைக் கொடுப்பதில்லை. நள்ளிரவில் திரை முன் அமர்ந்திருக்கும் ஆபரேட்டரே அதை மொத்தமாகச் செலுத்துகிறார்.

சுத்திகரிப்பு ஆலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நெருங்கிய உறவுதான் ஸ்காடா. மின் பகிர்மானம், குடிநீர், எண்ணெய்க் குழாய் போன்று பல கிலோமீட்டர் பரவிய வசதிகளைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு அது. நம் மாநில மின்சுமைப் பகிர்வு மையங்களும் அதைக் கொண்டே இயங்குகின்றன. அங்கும் சிக்கல் இதுவே. தீர்வு என்ன என்பதை ஒரு கற்பனை நீரேற்று நிலையத்தை வைத்துப் பார்க்கலாம்.

ஆற்றங்கரையில் மூன்று பம்புகள். 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகருக்கு நீர் அனுப்புகின்றன. நகரிலிருக்கும் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணிக்கு ஒரே ஆபரேட்டர். அதிகாலை இரண்டு மணிக்கு நிலையத்தில் மின்சாரம் நின்றுபோகிறது. திரையில் என்ன வரும்? மின்தடை என்று ஒன்று. பம்பு நின்றது என்று மூன்று. ஒவ்வொரு பம்பிலும் நீரோட்டம் குறைவு, அழுத்தம் குறைவு, மசகெண்ணெய் அழுத்தம் குறைவு என்று ஒன்பது. பொதுக் குழாயில் ஓட்டமும் அழுத்தமும் குறைவு என்று இரண்டு. மாற்று மின்கலம் இயங்கத் தொடங்கியது என்று ஒன்று. ஆக, 16 எச்சரிக்கைகள்; காரணமோ ஒன்று.

பதினேழாவதாக ஒன்று வருகிறது: 'இரண்டாம் பம்பு எதிர்த்திசையில் சுழல்கிறது'. பம்பு நின்றதும் நீர் பின்னோக்கி வராமல் தடுக்க வேண்டிய ஒருவழி வால்வு மூடவில்லை என்பது இதன் பொருள். குழாயிலுள்ள நீர் திரும்பிப் பாய்ந்து பம்பைத் தலைகீழாகச் சுழற்றுகிறது. சில நிமிடங்கள் நீடித்தாலே பம்பும் மோட்டாரும் பாழாகலாம். அந்நிலையில் மின்சாரம் திரும்பி மோட்டார் இயக்கப்பட்டால் தண்டே முறியக்கூடும். செய்ய வேண்டியது இதுதான்: நிலையக் காவலரைத் தொலைபேசியில் அழைத்து, வெளியேற்று வால்வைக் கையால் மூடச் சொல்ல வேண்டும். ஆனால், 17 வரிகளும் ஒரே சிவப்பில் மின்னும்போது கடைசி வரியை யார் படிப்பார்?

இதைச் சீர்செய்யும் முதல் வேலை, ஒவ்வோர் எச்சரிக்கையையும் கூண்டில் ஏற்றி விசாரிப்பது. அதை ஆபரேட்டரும் பராமரிப்புப் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டும். இது ஒலித்தால் ஆபரேட்டர் என்ன செய்வார்? செய்யாவிட்டால் என்ன இழப்பு? செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது? முதல் கேள்விக்கு விடையில்லையெனில் அது எச்சரிக்கையே அல்ல. பதிவேட்டில் எழுதப்பட வேண்டிய நிகழ்வு. மாற்று மின்கலம் இயங்கத் தொடங்கியது என்பது அத்தகையது. அதன் சக்தி தீரப்போகிறது என்பதே எச்சரிக்கை.

இரண்டாவது, நிலைக்கேற்ப அடக்குதல். பம்பு நின்றிருக்கும்போது அதில் ஓட்டமும் அழுத்தமும் குறைவதில் புதுச் செய்தி எதுவுமில்லை. 'பம்பு ஓடுகிறது' என்ற நிலையில் மட்டுமே அந்த ஒன்பதும் பொதுக் குழாயின் இரண்டும் ஒலிக்க வேண்டும். மின்தடை உறுதியானால், பம்பு நின்றதைச் சொல்லும் மூன்றையும் மின்தடை என்ற ஒன்றுக்குள் அடக்கிவிடலாம். இப்போது திரையில் மிஞ்சுபவை இரண்டே: மின்தடை, எதிர்ச்சுழற்சி.

இவற்றுள் எது மேல்? மின்தடைதான் பெரிய நிகழ்வு என்று தோன்றும். ஆனால், நகரின் மேல்நிலைத் தொட்டிகளில் காலை வரை நீர் இருக்குமானால், அதற்குச் சில மணி நேர அவகாசம் உண்டு. எதிர்ச்சுழற்சிக்கு அவகாசம் சில நிமிடங்களே. முன்னுரிமை என்பது இழப்பின் அளவையும் எஞ்சியிருக்கும் நேரத்தையும் சேர்த்து முடிவு செய்வது. நிகழ்வின் ஆரவாரத்தை வைத்து அல்ல. எனவே எதிர்ச்சுழற்சி உயர்நிலை, மின்தடை நடுநிலை. மூன்று படிநிலைகள் போதும். பிரிட்டனின் ஈமுவா அமைப்பு 1999-இல் வெளியிட்ட 191-ஆம் வழிகாட்டி, ஏறத்தாழ 80 சதவீதம் தாழ்நிலையிலும் 15 சதவீதம் நடுநிலையிலும் 5 சதவீதம் உயர்நிலையிலும் இருக்குமாறு பரிந்துரைக்கிறது. மில்ஃபோர்ட் ஹேவனின் 87 சதவீதத்தை இதனருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மூன்றாவது, படபடக்கும் எச்சரிக்கைகள். கிணற்றின் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் ஒலிக்குமாறு அமைத்திருந்தால், அலையடிக்கும் நீரில் அது ஒலித்து அடங்கி மீண்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். ஒலிக்கும் அளவுக்கும் அடங்கும் அளவுக்கும் இடையே இடைவெளி விடுவதே மருந்து. நீர்மட்டத்துக்கு அளவீட்டு வீச்சில் 5 சதவீதம் என்பது தொடக்க அளவு. நான்கு மீட்டர் கிணற்றில் அது 20 சென்டிமீட்டர், எனவே 2.0 மீட்டரில் ஒலித்தது 2.2 மீட்டரில் அடங்கும். ஒலிக்கும் முன் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும்படியும் அமைக்கலாம். ஆனால் அந்த ஒரு நிமிடம் ஆபரேட்டரின் அவகாசத்திலிருந்தே கழிகிறது. அவகாசம் குறைவான எச்சரிக்கைக்கு இச்சலுகை கூடாது.

அடக்குதலிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பம்பு ஓடுகிறதா என்று சொல்லும் உணர்கருவியே பழுதானால், ஓடும் பம்பின் மசகெண்ணெய் எச்சரிக்கையும் அடங்கிப்போகும். எனவே மோட்டாரின் மின்னோட்டம் போன்ற இன்னொரு சான்றும் ஒத்துப்போனால் மட்டுமே அடக்க வேண்டும். அடக்கப்பட்டவை எவை என்ற பட்டியலை ஆபரேட்டர் எப்போதும் பார்க்க முடிய வேண்டும். சில எச்சரிக்கைகளை எந்த நிலையிலும் அடக்கக் கூடாது. மில்ஃபோர்ட் ஹேவனில் பொய் சொன்னது ஒரு வால்வின் நிலைதான் என்பதை மறக்கலாகாது.

ஓர் அமைப்பு நலமாக இருக்கிறதா என்பதை அதன் பதிவேடே சொல்லிவிடும். ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சராசரி ஒன்று, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 எச்சரிக்கைகள் என்பது ஏற்கத்தக்க அளவு. பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அது வெள்ளம். 2009-இல் வெளிவந்த ஐஎஸ்ஏ 18.2 என்ற அமெரிக்கத் தரநிலையும் இந்த அளவுகோல்களையே பயன்படுத்துகிறது. மாதந்தோறும் அதிகம் ஒலித்த பத்து எச்சரிக்கைகளைப் பட்டியலிட்டால், மொத்தச் சுமையில் பெரும்பங்கு அவற்றுடையதாக இருப்பதைப் பல நிலையங்களில் காணலாம். அந்தப் பத்தைச் சரிசெய்வதே சீர்திருத்தத்தின் மலிவான தொடக்கம்.

பொதுப் பணத்தில் ஸ்காடா வாங்கும் வாரியங்களும் மாநகராட்சிகளும் ஒப்பந்தப் புள்ளியில் எத்தனை உணர்கருவிகள், எத்தனை திரைகள் என்று கேட்கின்றன. அத்துடன் இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும்: ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஆபரேட்டர் செய்ய வேண்டியது எழுதப்பட்டுள்ளதா? முழு மின்தடையைச் செயற்கையாக ஏற்படுத்திச் சோதித்தபோது பத்து நிமிடத்தில் எத்தனை வரிகள் வந்தன? புதிதாக ஒன்றைச் சேர்க்க யாருடைய கையெழுத்து தேவை? கடைசிக் கேள்வி அலுவலக நடைமுறையாகத் தோன்றலாம். ஆனால், பழைய விளக்குக்கும் கம்பிக்கும் இருந்த விலையைக் கணினித் திரையில் மீண்டும் வைப்பதற்கு அந்தக் கையெழுத்தைவிட எளிய வழியில்லை.