இரண்டாம் எழுத்து மட்டும் போதாது

பேரன் போன வாரம் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். எதுகைச் சொற்கள் ஐந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அவன் எழுதியதில் ஒன்று ‘படம் – பாடம்’. அதற்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

“இது எதுகை இல்லடா கண்ணு” என்றேன்.

“ரெண்டாவது எழுத்து ஒண்ணா இருந்தா எதுகைன்னுதானே தாத்தா சொல்லிக் கொடுத்தாங்க?” என்றான்.

பிள்ளை மேல் குற்றமில்லை. நம்மில் பலருக்கும் விதியின் பாதியைத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். இலக்கணம் சொல்வது இது: முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், அதன்பின் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும். முதலெழுத்து குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில். அதே எழுத்தாக இருக்க வேண்டியதில்லை. படம், தடம், குடம் ஒரு வரிசை. பாடம், மாடம், கூடம் இன்னொரு வரிசை. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஏன் கூடாது? அவனை மேசையில் தட்டிக்கொண்டே சொல்லச் சொன்னேன். ‘பாடம்’ என்றால் பா, டம் என்று இரண்டு தட்டு விழுகிறது. நெடில் தனியாகவே ஓர் அசையாக நிற்கும். ‘படம்’ என்றால் ஒரே தட்டு. சொல் தொடக்கத்தில் வரும் குறில் தனக்குப் பின்னால் இன்னோர் உயிர்மெய் இருந்தால் தனித்து நிற்காது, அதையும் சேர்த்துக்கொண்டு ஒரே அசையாகிவிடும். அதாவது ‘பாடம்’ என்பதில் டகரம் புதிய அசையைத் தொடங்குகிறது, ‘படம்’ என்பதில் அதே டகரம் அசையின் நடுவே மாட்டிக்கொள்கிறது. எழுத்து ஒன்றுதான், விழும் இடம் வேறு. காது பொருத்திப் பார்ப்பது எழுத்தை மட்டுமல்ல, அது வந்து விழும் நேரத்தையும்தான்.

‘பட்டு – பாட்டு’ என்றால்? அசை பிரித்தால் இரண்டும் நேர் நேர், தேமாதான். ஆனாலும் முதலெழுத்து ஒன்றில் ஒரு மாத்திரை, மற்றதில் இரண்டு. டகர ஒற்று காதில் படும் நேரம் மாறிவிடுகிறது. அதனால் அதுவும் எதுகையாகாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ஒலி ஒப்புமை, அவர்கள் ‘ரீம்’ என்பது, அடியின் கடைசியில் வரும். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழுவதால் அது இயல்பு. தமிழில் கடைசி அசைகளைப் பாருங்கள்: வந்தான், தின்றான், படுத்தான். எல்லாம் விகுதி. ஆயிரம் வினைச்சொற்களை அப்படி அடுக்கலாம், அதில் என்ன உழைப்பு? கடைசியில் ஒத்துவரும் இயைபுத் தொடையும் நம்மிடம் உண்டு, ஆனால் பாட்டைத் தாங்குவது அதுவல்ல. தமிழ்ச் சொல்லின் உயிர் அதன் வேரில், முன்பக்கத்தில் இருக்கிறது. மோனையும் எதுகையும் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

மோனையிலும் காதுதான் நீதிபதி. ‘ச’வுக்குத் ‘த’வும், ‘ஞ’வுக்கு ‘ந’வும், ‘ம’வுக்கு ‘வ’வும் மோனையாகலாம் என்கிறார்கள். ‘ம’, ‘வ’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் உதடு வேலை செய்கிறது. ‘ஞ’, ‘ந’ இரண்டும் மூக்கொலி. உறவில்லாத எழுத்தை யாரும் சேர்த்துவைக்கவில்லை.

ஆனால் காதை மட்டும் நம்பி ஏமாறும் இடமும் உண்டு. என் கதையே சாட்சி. பணி ஓய்வுக்குப் பிறகு வெண்பா எழுதிப் பழகினேன். ஒன்றில் ஓர் அடியைக் ‘கரை’ என்றும் அடுத்த அடியை ‘மறை’ என்றும் தொடங்கியிருந்தேன். பார்த்த தமிழாசிரியர் ஒருவர் மெல்லச் சிரித்து, இரண்டாம் எழுத்தின் கீழ் கோடு போட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன, அதனால் என் காதுக்குத் தவறு தெரியவில்லை. ஒரே இனத்து எழுத்தை ஏற்றுக்கொள்ளும் இன எதுகையும் இங்கே கைகொடுக்காது. ‘ற’ வல்லினம், ‘ர’ இடையினம்.

அன்று எனக்குப் பள்ளிக்கூடத்து பிரெஞ்சு நினைவுக்கு வந்தது. பழைய பிரெஞ்சுச் செய்யுளில் ஒருமைச் சொல்லைப் பன்மைச் சொல்லோடு ‘ரீம்’ சேர்க்கக் கூடாது. இன்றைய உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் பன்மையின் கடைசி ‘ஸ்’ ஒரு காலத்தில் ஒலித்தது. ஒலி போய்விட்டது, விதி நின்றுவிட்டது. நம் ர – ற கதையும் அதுவேதான். விதி நம் பாட்டன்மாரின் காதை எழுதிவைத்திருக்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு ‘இரண்டாம் எழுத்து’ என்ற சூத்திரத்தை மட்டும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ர, ற எது என்று எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பேரன் ‘பாடம்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தடம்’ என்று எழுதினான். மறுநாள் அதற்கும் சரிதான் போட்டிருந்தார்கள்.