ஸ்கூல்ல படம் போடுறாங்களா? பெற்றோருக்கு வரும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

"அம்மா, வெள்ளிக்கிழமை கிளாஸ்ல படம் போடுறாங்க, இதுல சைன் போடு!" என்று பிள்ளை நீட்டும் தாளில் பெரும்பாலும் இரண்டே வரிதான் இருக்கும். படத்தின் பெயர், தேதி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அதில் இருக்காது.

ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1921-ல் வந்த மௌனப் படம். கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை. இதற்குப் போய் அனுமதி எதற்கு என்று தோன்றும்.

ஆனால், கதையைப் பாருங்கள். கைவிடப்பட்ட ஓர் இளம்பெண் தன் பச்சிளம் குழந்தையை ஒரு காரில் விட்டுச் செல்கிறாள். அந்தக் குழந்தை ஏழை நாடோடி ஒருவன் கைக்கு வந்து சேர்கிறது. ஐந்து வருடம் கழித்து, அவன் பெற்ற தகப்பன் இல்லை என்று தெரிந்ததும் அநாதை இல்ல அலுவலர்கள் வந்து சிறுவனை வண்டியில் ஏற்றுகிறார்கள். சிறுவன் கையை நீட்டிக் கதறுகிறான். வகுப்பில் தத்தெடுக்கப்பட்ட குழந்தை இருக்கலாம். அம்மாவைச் சமீபத்தில் இழந்த குழந்தை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இது வெறும் படம் இல்லை.

தணிக்கைச் சான்றிதழ் இதைச் சொல்லாது. 2024 விதிகளின்படி 'யு/ஏ' பிரிவு இப்போது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுவான அளவுகோல். உங்கள் வீட்டுப் பிள்ளையின் காயம் தணிக்கைக் குழுவுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஆசிரியர் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மதியம் 'தி கிட்' படத்தை வகுப்பில் பார்க்க இருக்கிறோம். நீளம் 53 நிமிடம். பேசாமலே ஒரு கதையை எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பாடம். படத்தில் குழந்தை கைவிடப்படும் காட்சி, சிறுவனை வளர்ப்புத் தந்தையிடமிருந்து பிரிக்கும் காட்சி, தெருச் சண்டை, கனவில் அந்தத் தந்தை சுடப்படும் காட்சி ஆகியவை உண்டு. முடிவு மகிழ்ச்சியானது. உங்கள் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் நூலகத்தில் ஒரு படக்கதைக்கு வசனம் எழுதும் வேலை தருகிறேன். அதற்கும் இதற்கும் மதிப்பீடு ஒன்றுதான். புதன்கிழமைக்குள் பதில் அனுப்புங்கள்."

கீழே மூன்று கட்டங்கள்: 'சம்மதம்', 'வேண்டாம்', 'உங்களிடம் பேச வேண்டும்'. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். தத்தெடுத்த விஷயத்தைப் பிள்ளையிடம் இன்னும் சொல்லாத பெற்றோர் அதைத் தாளில் எழுத மாட்டார்கள், போனில் சொல்வார்கள். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியரே ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடலாம்.

கடிதத்தில் 53 நிமிடம் என்று எழுதுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சாப்ளின் 1971-ல் சில காட்சிகளை நீக்கி, தானே இசை சேர்த்து வெளியிட்ட பதிப்பின் நீளம் அது. 1921-ல் வந்த மூலப் படம் இதைவிட நீளமானது. அதனால் எந்தப் பதிப்பைப் போடப்போகிறாரோ, அதையே ஆசிரியர் முதலில் முழுதாகப் பார்த்துவிட வேண்டும். ஒரு பீரியட் 40 நிமிடம் என்றால் படம் அதற்குள் முடியாது. மீதியை மறுநாள் பார்க்கலாம் என்று நிறுத்தினால், சிறுவன் கதறும் காட்சியோடே பிள்ளைகள் வீட்டுக்குப் போக நேரலாம். அடுத்தடுத்த இரண்டு பீரியடை ஒரே நாளில் வாங்கிவிட்டால் முடிவையும் பார்த்து, மிச்ச நேரத்தில் பேசவும் முடியும்.

'வேண்டாம்' என்று டிக் செய்த பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பெற்றோர் கேட்கலாம். படம் தொடங்கும்போது எல்லோர் முன்னும் பெயர் சொல்லி எழுப்பி அனுப்பினால், கடிதம் காப்பாற்றிய ரகசியம் அங்கேயே உடைந்துவிடும். மதிய உணவு முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போகும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த முறை இரண்டு வரித் தாள் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தப் படத்தில் பிள்ளைகளை அழவைக்கும் காட்சி எது, மிஸ்?" படத்தை முழுதாகப் பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.